பிழையான விடைக்கு மூன்று, சரியான விடைக்கு இரண்டு

கணிதச் செயலட்டை திருத்திக் கொடுக்கப்படும் நாட்களில் அநேகமாக எல்லா வகுப்புகளிலும் ஒரு குரல் எழும். "டீச்சர், என்ட விட சரிதானே, ஏன் புள்ளிய குறச்சீங்க?" பலர் இதை வாய்த்துடுக்கு என்பார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. விடைக்கு மட்டுமன்றிச் செய்த வழிக்கும் புள்ளி உண்டு என்பதை அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே யாரும் சொல்லாதிருந்தால், அவளது கேள்வி முற்றிலும் நியாயமானது.

படிமுறைகளுக்குப் புள்ளி வழங்குவதை நான் ஆதரிக்கிறேன். க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாள் II கூட, உரிய படிமுறைகளையும் சரியான அலகுகளையும் எழுதுமாறே கேட்கிறது. ஆனால் "செய்கையைக் காட்டுங்கள்" என்று செயலட்டையின் தலைப்பில் ஒரு வரி அச்சிடுவது விளக்கமாகாது. எதற்கு எத்தனை புள்ளி என்பதைப் பிள்ளைகள் பேனாவை எடுப்பதற்கு முன்பே, எண்களோடு காண வேண்டும்.

தரம் 8 மாணவிகளுக்கான ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ரூ. 3600 எனக் குறிக்கப்பட்ட சப்பாத்துச் சோடி ஒன்றுக்கு 15% கழிவு வழங்கப்படுகிறது. செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு? இதற்கு நான்கு புள்ளிகள். வழிக்கு இரண்டு, விடைக்கு இரண்டு. 3600 × 15/100 என்று எழுதினால் ஒன்று. கழிவு ரூ. 540 என்று கண்டால் ஒன்று. அக்கழிவைக் குறித்த விலையிலிருந்து கழித்தால் ஒன்று. ரூ. 3060 என்ற முடிவுக்கு ஒன்று.

இனி இரண்டு விடைகளைப் பாருங்கள். முதலாமவள் 3060 என்று மட்டும் எழுதியிருக்கிறாள். இரண்டாமவள் 3600 × 15/100 என்று சரியாகத் தொடங்கி, 36 ஐ 15 ஆல் பெருக்கும்போது 360 ஐயும் 180 ஐயும் கூட்டுகையில் மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை மறந்து, கழிவு 440 என்கிறாள். பிறகு 3600 − 440 = 3160 என்று முடிக்கிறாள். என் புள்ளித்திட்டத்தில் முதலாமவளுக்கு இரண்டு புள்ளி, இரண்டாமவளுக்கு மூன்று. ஒரு தவறுக்கு ஒரு தடவைதான் புள்ளி குறைக்க வேண்டும். 440 என்பதில் ஒன்றை இழந்தவள், அதற்குப் பின் செய்ததெல்லாம் சரியாக இருக்கும்போது கடைசி வரியிலும் இன்னொன்றை இழக்கக் கூடாது.

பிழையான விடைக்கு மூன்று, சரியான விடைக்கு இரண்டு! திருத்திய தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் பிள்ளைக்கு இது அநீதியாகவே தெரியும். அப்போது நாம் சொல்லும் எந்த நியாயமும் சமாளிப்பாகவே அவள் காதில் விழும். அதே கணக்கை, யாருடைய புள்ளியும் போவதற்கு முன் கரும்பலகையில் எழுதிப் பேசினால் அவளே வேறு விதமாகப் பேசுவாள்.

ஆகவே செயலட்டையைக் கொடுக்கும் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம். இதே கணக்குக்கு நான்கு விடைகளைக் கரும்பலகையில் எழுத வேண்டும். அவை ஆசிரியையே எழுதியவையாக இருக்கட்டும். வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் தாளை எடுத்தால் மற்றவர்கள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அவளுக்கு அது தலைகுனிவாகிவிடும். மேற்சொன்ன இரண்டோடு, வெறுமனே 3160 என்று எழுதிய ஒன்றும், 3600 − 15 = 3585 என்ற ஒன்றும் போதும். புள்ளித்திட்டத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டு, இருவர் இருவராகத் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்தும் பேனா கைக்கு வந்ததும் பிள்ளைகள் நம்மை விடக் கண்டிப்பானவர்களாகிவிடுவார்கள் என்பது வேறு கதை.

வெறும் 3160 இல்தான் வாக்குவாதம் சூடுபிடிக்கும். படிமுறையோடு வந்த 3160 க்கு மூன்று கொடுத்தோம். இதற்கு என்ன கொடுப்பது? அவளும் அதே இடத்தில்தான் தவறியிருப்பாள் என்று யாராவது பரிந்து பேசுவாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும் மகள்?" என்று கேட்டால் போதும். தெரியாது. தாளில் இல்லாததற்குப் புள்ளி போட முடியாது, எனவே பூச்சியம். படிமுறை ஏன் வேண்டும் என்பதை இந்த ஓர் எண் சொல்லிவிடும்.

3585 க்கும் பூச்சியம்தான். படிமுறை இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் அவள் கழித்தது கழிவை அல்ல, 15% என்பதை 15 ரூபாய் என்று எண்ணிக்கொண்டு கழித்திருக்கிறாள். எதையாவது எழுதினால் புள்ளி கிடைக்கும் என்ற நினைப்பை இங்கேயே நீக்கிவிடலாம். இருந்தாலும் அவளுக்கு நாளை எதைக் கற்பிக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். வெறும் 3585 என்று எழுதியிருந்தால் நான் கொஞ்ச நேரம் மண்டையைப் போட்டு உடைத்திருக்க வேண்டும்.

வெறும் 3060 க்கு ஏன் நான்கு இல்லை, ஏன் பூச்சியமும் இல்லை என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பூச்சியம் போட்டால் மனக்கணக்கு ஒரு குற்றமாகிவிடும். வாப்பாவின் கடையில் நின்று வாயாலேயே கணக்குப் பார்த்துப் பழகிய பிள்ளையை நாம் தண்டிப்பதாகும். நான்கும் போட்டால் வழிக்கான இரண்டு புள்ளிகளுக்கு அர்த்தமே இல்லை. விடைக்குரிய இரண்டு புள்ளிகளும் அவளுடையவை, வழிக்குரியவை எழுதினால் கிடைக்கும்.

இங்கே ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு பிள்ளை 3600 × 85/100 = 3060 என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறாள். அவளிடம் 540 உம் இல்லை, கழித்தலும் இல்லை. புள்ளித்திட்டத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் அவள் புள்ளிகளை இழப்பாள். அது மடத்தனம். கழிவு போக 85% செலுத்த வேண்டும் என்று உணர்ந்தவளுக்கு நான்கும் உரியவை. "வேறு சரியான முறைக்கும் முழுப் புள்ளி" என்ற வரி இல்லாத புள்ளித்திட்டம் பிள்ளைகளை ஆசிரியையின் பாதையில் மட்டும் நடக்கப் பழக்கும். அதனால் விளைவது இன்னொன்றும் உண்டு. நீளமாக எழுதினால்தான் புள்ளி என்று நினைத்து, விடையை முதலில் கண்டுகொண்டு, அதற்கு மேலே படிமுறைகளைச் சோடித்து எழுதத் தொடங்குவார்கள்.

"எவ்வளவு எழுதினால் போதும் டீச்சர்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் சொல்லும் அளவுகோல் இதுதான். இன்று பாடசாலைக்கு வராத உங்கள் தோழி இந்தத் தாளைப் பார்த்தால், ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று உங்களிடம் கேட்காமலே அவளுக்கு விளங்க வேண்டும். 540 க்கு முன்னால் "கழிவு =" என்று ஒரு சொல் இருந்தாலே பாதி விளங்கிவிடும். 500 இன் 10% எவ்வளவு என்பது போன்ற ஒரு புள்ளி வினாக்களுக்குப் படிமுறை தேவையில்லை. எந்தெந்த வினாக்களுக்குத் தேவை என்பதைச் செயலட்டையிலேயே, வினாவின் ஓரத்தில் "வழி 2, விடை 2" என்று அச்சிட்டுவிட்டால் சந்தேகமே எழாது.

அழிறப்பர் பற்றியும் அன்றே பேச வேண்டும். நம் பிள்ளைகள் தாள் துப்புரவாக இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள். விடை பொருந்தவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெற்றிடமாக விடுவார்கள். அழிக்கப்பட்டதற்குள் 3600 × 15/100 என்ற ஒரு புள்ளி போய்விடும். பிழை என்று நினைத்தால் ஒரு கோடு மட்டும் கீறச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக வேறொன்று எழுதவில்லை என்றால், கீறப்பட்டதைப் படித்துப் புள்ளி போடுவேன் என்று நான் வாக்குக் கொடுப்பதுண்டு. விளக்கம் போய்ச் சேர்ந்ததா என்பதை அடுத்த செயலட்டைக் கட்டு கைக்கு வந்ததும் இதை வைத்தே அறிந்துகொள்ளலாம். கோடு கீறிய வரிகள் கூடியும் வெற்றிடங்கள் குறைந்தும் இருக்கும்.