பெரிய சிப் ஒன்றா, சிறிய சிப் நான்கா? விலையைத் தீர்மானிக்கும் 'குறை' கணக்கு

2017-ல் ஏஎம்டி நிறுவனம் சர்வர்களுக்கான 'எபிக்' பிராசஸரை வெளியிட்டது. 32 கோர் கொண்ட அந்த பிராசஸர் ஒரே சிப் அல்ல. தலா 8 கோர் உள்ள நான்கு சிறிய சிப்களை ஒரே பேக்கேஜுக்குள் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 213 சதுர மி.மீ., மொத்தம் 852. ஒரே சிப்பாகச் செய்திருந்தால் சுமார் 777 சதுர மி.மீ. போதும் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. நான்கு சிப்களும் ஒன்றோடொன்று பேச கூடுதல் சர்க்யூட் தேவைப்பட்டதால் பரப்பு கூடியது. ஆனாலும், தயாரிப்புச் செலவு பெரிய சிப்பில் ஆகியிருப்பதில் 59% தான் என்றது ஏஎம்டி.

சிலிக்கான் அதிகம், செலவு குறைவு. அது எப்படி?

வட்டில் எத்தனை?

சிப்களை வேஃபர் எனும் 300 மி.மீ. விட்டமுள்ள சிலிக்கான் வட்டில்தான் தயாரிக்கிறார்கள். ஃபேக்டரிக்குத் தரும் விலை வட்டுக்குத்தான், சிப்புக்கு அல்ல. வட்டின் பரப்பு சுமார் 707 சதுர செ.மீ. வட்டம் வட்டமாக இருக்கிறது, சிப் சதுரமாக இருக்கிறது. எனவே விளிம்பில் துண்டுகள் வீணாகும். அதைக் கழித்தால் பெரிய சிப் சுமார் 67, சிறிய சிப் சுமார் 286 கிடைக்கும்.

எத்தனை தேறும்?

தயாரிப்பின்போது ஒரு தூசி விழுந்தாலோ ஒரு கோடு அறுந்தாலோ அந்த சிப் பழுது. ஒரு சதுர செ.மீ. பரப்பில் சராசரியாக எத்தனை குறை என்பதுதான் 'குறை அடர்த்தி'. பேச்சுக்கு 0.1 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வட்டில் சுமார் 70 குறைகள் இருக்கும்.

அந்த 70 புள்ளிகளும் 67 பெரிய சிப்கள் மீது சிதறினால், பாதிக்கு மேல் அடிபடும். 286 சிறிய சிப்கள் மீது சிதறினால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறிய துண்டைத்தான் கெடுக்கும். இதற்கான எளிய சூத்திரம் இதுதான்:

```
Y = e^(-A × D)
```

Y என்பது தேறும் விகிதம், A என்பது சதுர செ.மீ.யில் சிப்பின் பரப்பு, D என்பது குறை அடர்த்தி. பெரிய சிப்புக்கு 46% வரும். அதாவது 67-ல் 31 தேறும். சிறியதற்கு 81% வரும்; 286-ல் 231 தேறும்.

ஒரு வட்டின் விலை ரூ.5 லட்சம் என்று வைத்தால், பெரிய சிப் ஒன்று சுமார் ரூ.16,100. சிறிய சிப் நான்கு சேர்ந்து சுமார் ரூ.8,700. கிட்டத்தட்ட பாதி!

அப்போ சிறியதுதான் எப்போதும் லாபமா?

இல்லை. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஒரு தயாரிப்பு முறை பழகப் பழக குறைகள் குறையும். அடர்த்தி 0.02-க்கு இறங்கினால் பெரிய சிப் 57 தேறும், விலை சுமார் ரூ.8,800. நான்கு சிறியவை சுமார் ரூ.7,300. ரூ.7,400 ஆக இருந்த வித்தியாசம் ரூ.1,500 ஆகச் சுருங்கிவிட்டது.

நான்கு சிப்களை ஒன்றாகப் பேக்கேஜ் செய்யவும் தனித்தனியாகச் சோதிக்கவும் ஆகும் செலவு அதையும் விழுங்கிவிடலாம். சோதனையில் கோட்டைவிட்டால் இன்னும் மோசம். நூற்றுக்கு இரண்டு பழுது சிப் தப்பி வந்தாலே, நான்கும் நல்லதாக அமையும் பேக்கேஜ் 92% தான். ஒரு பழுதால் மற்ற மூன்று நல்ல சிப்களும் குப்பைக்குப் போகும்.

கணக்கு எங்கே தவறும்?

முதலாவது, அலகு. பரப்பை 7.77 என்று போடாமல் சதுர மி.மீ.யில் 777 என்றே போட்டால், ஒரு சிப்கூட தேறாது என்று விடை வரும். தேறும் விகிதம் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் முதலில் அலகைப் பாருங்கள்.

இரண்டாவது, இந்தச் சூத்திரம் குறைகள் சீராகச் சிதறும் என்று நம்புகிறது. நிஜத்தில் அவை கொத்தாகவும் விழும். ஒரே சிப்பில் மூன்று குறை விழுந்தாலும் நஷ்டம் ஒரு சிப்தான். அதனால் பெரிய சிப் கணக்கு சொல்வதைவிடச் சற்று கூடுதலாகவே தேறும்.

மூன்றாவது, பழுதான சிப் எல்லாம் குப்பை இல்லை. ஒரு கோர் மட்டும் கெட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு, குறைந்த விலை மாடலாக விற்கலாம். இதுவும் பெரிய சிப்பின் நஷ்டத்தைக் குறைக்கும்.

ஆக, 'சிறியதே சிக்கனம்' என்பதை விதியாகப் பிடித்துக்கொள்வது சரியல்ல. தயாரிப்பு முறை புதிதாக, குறைகள் மலிந்து இருக்கும்போது சிப்பைப் பிரிப்பது புத்திசாலித்தனம். அது முதிர்ந்த பிறகும் பழைய அடர்த்தியை வைத்தே முடிவெடுத்தால், தேவையில்லாத பேக்கேஜிங் செலவு தலையில் விழும். சிப் விற்பனைக்கு வரும் காலத்தில் அடர்த்தி எவ்வளவு இருக்கும் என்று ஃபேக்டரியிடம் கேட்பதே முதல் வேலை. சிப்பின் அளவை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.