மூன்றாம் மொழிக்கு வரும்போது

விடுமுறைக் காலத்தில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சுற்றுலாப் பேருந்துகளில், ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அறிவிப்பு இந்தியில் மூன்றாகி, தமிழில் “பெல்ட் போட்டுக்குங்க” என்ற ஒன்றாகச் சுருங்கிவிடுவது இவ்வாரமும் எரிச்சலூட்டுகிறது. ஒலிபெருக்கிகளின் இரைச்சலைப் பற்றி இப்பத்தி ஓயாமல் குறைப்பட்டு வந்திருப்பதை வாசகர் அறிவர். இங்கோ பேச வேண்டிய ஒலிபெருக்கி பேசாமல் போவதே குறை.

பெல்ட்டைப் பொறுத்தவரை இச்சுருக்கம் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு நெறியாணை, பெல்ட் அணியும் கடமையை ஓட்டுநரோ குழுவின் வழிகாட்டியோ வாயால் சொல்லலாம், அல்லது ஒவ்வோர் இருக்கையிலும் தெரியும் படக்குறியே தெரிவிக்கலாம் என்று இடமளிக்கிறது. ஆனால் சன்னலோரம் மாட்டியிருக்கும் சிவப்புச் சுத்தியலுக்கு அப்படிப்பட்ட படம் போதாது.

பதற்றத்தில் எவரும் கண்ணாடியின் நடுவில்தான் அடிப்பர். கடினப்படுத்திய கண்ணாடி என்பது, சூடாக்கி உடனே காற்றால் குளிர்விக்கப்படுவதால் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நிற்கும் கண்ணாடியாகும். அது நடுவில் விழும் அடிக்குச் சற்று வளைந்து கொடுத்துத் தாங்கும், விளிம்புக்கருகில் மூலையில் விழும் கூர்முனை அடிக்கோ முழுவதும் சிறு மணிகளாக நொறுங்கும். எனவே “மூலையில், கூர்முனையால்” என்பதே அறிவிப்பின் உயிர்நாடி. சுருக்கும்போது முதலில் உதிர்வதும் அதுவே.

சுருக்கத்தைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வழிகாட்டி ஆங்கிலத்தில் முழுவதையும் சொல்லும்போது கையால் சுத்தியலைத் தொட்டு, மூலையைச் சுட்டிக்காட்டுகிறார். அடுத்த மொழிகளுக்கு வரும்போது கை இறங்கிவிடுகிறது, பயணிகளின் காதும் அதற்குள் பேச்சில் மூழ்கிவிடுகிறது. ஆகவே மொழிவாரியாக அல்லாமல் பொருள்வாரியாகச் சொல்வதே சரி. பேருந்து புறப்படுமுன் வழிகாட்டி சன்னலருகே நின்று, “இந்தச் சுத்தியலை இழுத்து எடுங்கள், கூர்முனையால் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள், நொறுங்கியதைத் தள்ளிவிட்டு, கால்களை முதலில் வெளியே விட்டு இறங்குங்கள்” என்று தமிழில் சொல்லிக் காட்டி, கையை எடுக்காமலேயே இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதே வரிசையில் சொல்ல வேண்டும், அதன் பிறகே கூரைத் திறப்புக்கு நகர வேண்டும். பேருந்து பக்கவாட்டில் கவிழ்ந்து, வாசல் தரையோடு அழுந்திவிட்டால், அக்கூரைத் திறப்பே நின்றவாறு வெளியேறும் வழியாகிவிடும் என்பதையும் ஒவ்வொரு மொழியிலும் சொல்வது முறை.

இவ்வளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. இரு கண்ணாடிகளுக்கிடையே நெகிழித் தாள் ஒட்டப்பட்ட அடுக்குக் கண்ணாடி, விரிசல் விட்டாலும் உதிராது. முன்கண்ணாடி இவ்வகையே, சில பேருந்துகளில் பக்கச் சன்னல்களும் இவ்வகையே. ஆதலால் எந்தச் சன்னல்களில் அவசர வழிக் குறி உள்ளது என்பதை ஓட்டுநரிடம் முன்னதாகவே கேட்டறிந்து, எத்தனையாவது வரிசை என்று எண்ணோடு மூன்று மொழியிலும் சொல்ல வேண்டியது வழிகாட்டியின் கடமை.