ஒரே செய்முறை, இரண்டு சமையலறை

போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ரொட்டி சுட்டேன். வெளிநாட்டுச் சமையல் புத்தகத்தில் இருந்த செய்முறை அது. 500 கிராம் மாவு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர். ஒன்றரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அப்படியே செய்தேன். துணியை எடுத்துப் பார்த்தால், மாவு பொங்கி நடுவில் குழிந்திருந்தது. புளித்த கள் வாடை வேறு. சுட்டும் நிறம் ஏறவில்லை. மாவில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது.

கேமரன் மலையில் இருக்கும் அண்ணியும் அதையே செய்தார். "ஒன்றரை மணி நேரம் ஆச்சும்மா, பாதிகூட எழும்பல. அப்படியே சுட்டேன், செங்கல் மாதிரி வந்துச்சு" என்றார்.

புத்தகம் நினைத்திருந்தது சுமார் 24 டிகிரி அறையை. என் சமையலறை 31, அண்ணியுடையது 18. வெப்பம் எட்டு, பத்து டிகிரி கூடினால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

அடுத்த முறை ஈஸ்டைப் பாதியாக்கினேன், 3.5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம். தண்ணீருக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்றால், 26ஐ மூன்றால் பெருக்க 78. அதில் அறையின் 31, மாவின் 31 இரண்டையும் கழித்தால் 16. கை பிசையும் சூட்டுக்கு இரண்டு டிகிரி விட்டால் 14. குழாய்த் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டு அந்தக் குளிர்ச்சிக்குக் கொண்டுவந்தேன். ஒரு மணி நேரத்தில் மாவு அழகாக இரட்டித்தது.

வடிவம் கொடுத்த பிறகு இரண்டாம் முறை எழும்புவது இன்னும் வேகம். அரை மணி நேரத்திலேயே தயாராகிவிடலாம். அதனால் மாவை உருட்டும்போதே ஓவனைச் சூடேற்றிவிடுங்கள்.

அண்ணிக்கு ஈஸ்டைக் கூட்டச் சொல்லவில்லை. கூடினால் ரொட்டியில் ஈஸ்ட் வாடை தூக்கும். அதே 7 கிராம்தான். தண்ணீரை மட்டும் 35 டிகிரிக்குச் சூடாக்கி, அணைத்த ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு மாவை வைக்கச் சொன்னேன். வெளியில் வைத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

எந்த ஊரானாலும் கடிகாரத்தை நம்பாதீர்கள். நேரான சுவருள்ள டப்பாவில் மாவை வைத்து, அதன் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள். இரட்டித்தது கண்ணுக்குத் தெரியும். வடிவம் கொடுத்த மாவை, மாவு தொட்ட விரலால் அழுத்துங்கள். பள்ளம் உடனே மேலே வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்ல, பாதி மட்டும் எழுந்தால் ஓவனுக்குப் போகலாம். எழவே இல்லாமல் அமுங்கினால் நேரம் கடந்துவிட்டது. காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி பீட்சாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.