தொலைந்துபோன பூச்சியம்: வகுத்தல் கணக்கு பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்



"நாங்க படிச்ச கணக்கை ஏன் மாத்துறீங்க? கொப்பி முழுக்க கழித்தல்தான் இருக்கு" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், "டீச்சர்மாருக்கே பழைய முறை தெரியாது" என்ற பேச்சை நாங்கள் ஏற்கமாட்டோம். எங்களுக்கு அது தெரியும். அது எந்த இடத்தில் பிள்ளையைக் கைவிடுகிறது என்பதும் தெரியும்.

2448 கொப்பிகளை 12 வகுப்புகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். பழைய முறையில் பிள்ளை சொல்வது இது: "24இல் 12 இரண்டு தரம். 4இல் 12 போகாது, 8ஐ இறக்கு. 48இல் 12 நான்கு தரம். விடை 24." நடுவில் போட வேண்டிய பூச்சியம் விடுபட்டுவிட்டது. வகுப்புக்கு 24 கொடுத்தால் 288 கொப்பிதான் முடியும், 2160 மிஞ்சும். பிள்ளைக்கு அதில் சந்தேகமே வருவதில்லை. ஏனென்றால் அது 2448ஐப் பார்க்கவே இல்லை. 24, 4, 48 என்ற துண்டுகளைத்தான் பார்த்தது. அந்த "இரண்டு" உண்மையில் 200 என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் செய்விப்பதைப் பாருங்கள். வகுப்புக்கு 100 கொடுத்தால் 1200 முடியும், மிச்சம் 1248. இன்னொரு 100 கொடுத்தால் மிச்சம் 48. பிறகு 4 கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும். 100, 100, 4 மூன்றையும் கூட்டினால் 204. இங்கே பூச்சியம் தொலைய இடமே இல்லை.

"வாய்ப்பாடு மறந்துபோகும்" என்கிறீர்கள். மறக்காது. கணக்கைத் தொடங்குமுன் 12இன் 1, 2, 5, 10 மடங்குகளை ஓரத்தில் எழுதச் சொல்கிறோம்: 12, 24, 60, 120. பத்து மடங்கில் பாதிதான் ஐந்து மடங்கு என்பதையும் பிள்ளை அங்கேயே கண்டுபிடிக்கிறது.

இந்த முறையிலும் குறை உண்டு. பயந்த பிள்ளை பத்துப் பத்தாகக் கொடுத்தால் இதே கணக்கு 21 வரி நீளும். வரி கூடக்கூட கழித்தலில் பிழையும் கூடும். அதனால்தான் "இன்னும் பெரிசாக் கொடுக்க ஏலுமா?" என்று ஒவ்வொரு வரியிலும் கேட்கிறோம். வரிகள் சுருங்கச் சுருங்க பிள்ளை தானாகவே உங்கள் பழைய முறைக்கு வந்து சேரும். தசமம் வரும்போது அந்தக் குறுகிய முறைதான் வசதி. அதையும் நாங்களே படிப்பிப்போம்.

எனவே வீட்டில் "இது பிழை, இப்படிச் செய்" என்று அழிக்காதீர்கள். கொப்பியில் வரி நிறைய இருந்தால், எத்தனை தரம் பத்து கொடுத்தது என்று எண்ணச் சொல்லுங்கள். விடை வந்ததும் 204ஐ 12ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 2448 வந்தால் கணக்குச் சரி. வராவிட்டால் எந்த வரியில் பிழைத்தது என்று பிள்ளையே தேடட்டும்.