மறுநிறுவல் மருந்தன்று

செயலி திறக்கவில்லையா? ‘நீக்கிவிட்டு மறுபடி நிறுவு’ என்னும் அறிவுரை மொழியியல் துறைகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சொல்பவருக்கு அதனால் இழப்பேதுமில்லை. கேட்பவருக்கோ சில வேளைகளில் பல ஆண்டுக் களப்பணியே போய்விடுகிறது.

2019 அக்டோபரில் வெளியான மேக்ஓஎஸ் கேட்டலினா, 32 பிட் செயலிகளை இயக்கும் ஏற்பாட்டை முற்றாகக் கைவிட்டது. தான் திரட்டிய சொற்களையும் உரைகளையும் அத்தகைய பழைய செயலியொன்றில் சேர்த்துவந்த ஓர் ஆய்வு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். இரவில் இயங்குதளத்தை மேம்படுத்துகிறார்; காலையில் செயலியின் படவுருமீது குறுக்குக்கோடிட்ட வட்டம் விழுந்திருக்கிறது. சொடுக்கினால், செயலியை உருவாக்கியவர் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற செய்தி வருகிறது. உருவாக்கிய நிறுவனமோ என்றோ மூடப்பட்டுவிட்டது.

இங்கே நோயறிதல் கடினமன்று. செயலி திறக்கத் தொடங்கி இடையில் நின்றுவிட்டால், அமைப்புக் கோப்பு பழுதாகியிருக்கலாம். அப்போது மறுநிறுவல் உதவக்கூடும். தொடங்கவே மறுத்து இச்செய்தி வந்தால், செயலியின் கட்டமைப்பைத்தான் ஐயுற வேண்டும். டெர்மினலில் ஒரே வரி போதும்:

```
file /Applications/NAME.app/Contents/MacOS/NAME
```

விடையில் `i386` மட்டும் இருந்து `x86_64` இல்லையெனில் அது 32 பிட் செயலி. நூறு முறை நிறுவினாலும் அதே கோப்புதான் வந்து அமரும். அது மட்டுமன்று. தடயமின்றி நீக்குவதாகச் சொல்லும் துப்புரவுக் கருவிகள் `~/Library/Application Support` என்னும் உறையில் உள்ள செயலியின் கோப்புகளையும் சேர்த்தே அழிக்கின்றன. பல செயலிகள் தம் தரவுத்தளத்தை வைத்திருப்பதும் அங்கேதான். திறக்காத செயலியைத் திறக்கவைக்கப் போய், உள்ளிருந்த அகராதியைக் குப்பையில் சேர்ப்பதுதான் அந்த அறிவுரையின் பயன். ஆகவே முதற்பணி அவ்வுறையை வேறொரு வட்டில் படியெடுப்பதே.

‘அப்படியானால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமே’ என்பர் வேறு சிலர். அதுவும் எளிதன்று. கேட்டலினாவிலிருந்து மொஜாவிக்குத் திரும்ப வட்டை முழுதும் அழிக்க வேண்டும். மேம்படுத்தலுக்கு முன் எடுத்த காப்புப்பிரதியும் கையில் இருக்க வேண்டும். கேட்டலினாவுடனே விற்பனைக்கு வந்த கணினியில் மொஜாவி இயங்கவே இயங்காது. இவற்றினும் பாதுகாப்பான வழி ஒன்றுண்டு: கணினி போதிய அளவு பழையதாயின், வெளிவட்டு ஒன்றில் மொஜாவியை நிறுவி அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம், இல்லையேல் மொஜாவி உள்ள பழைய மேக் ஒன்றை இரவல் பெறலாம். படியெடுத்த தரவை அங்கே ஒருமுறை திறந்து, யூனிகோடு எளிய உரையாக ஏற்றுமதி செய்துவிட்டால் போதும். அச்செயலி பிறகு திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஒன்றே.

இரு வகை நிரல் நூலகங்களை என்றென்றும் பேணுவது சுமை என்னும் ஆப்பிளின் நியாயம் மறுக்கத்தக்கதன்று. மறுக்கத்தக்கது அது எச்சரித்த மொழி. 2018இல் வெளியான 10.13.4 பதிப்பு, 32 பிட் செயலியைத் திறந்தவர்களிடம் அது `not optimized for your Mac` என்றது. ‘உகந்த நிலையில் இல்லை’ என்பதைப் படிப்பவர் ‘சற்று மெதுவாக இயங்கும்’ என்றுதான் கொள்வார்; ‘விரைவில் இறந்துவிடும்’ என்று கொள்ளார். வரப்போகும் பதிப்புகளில் செயலி இயங்காது என்பதை மொஜாவியின் எச்சரிக்கை வெளிப்படையாகச் சொன்னது. ஆயினும் முதற்சொல் ஊட்டிய அலட்சியம் அதற்குள் பழகிப்போயிருந்தது. சொற்பொருளியல் கற்பிக்கும் துறைகளே இச்சொல்லைப் படித்துவிட்டுக் கடந்து சென்றன என்பது வெட்கத்துக்குரியது.

இது பழங்கதையுமன்று. இன்டெல் சில்லுக்கென எழுதப்பட்ட செயலிகள் இன்றைய மேக் கணினிகளில் ரொசெட்டா 2 என்னும் இடையடுக்கின் தயவில் இயங்குகின்றன. மேக்ஓஎஸ் 27 வரைதான் அது பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும், பின்னர் பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்காக மட்டுமே எஞ்சும் என்று 2025 ஜூனிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. `System Information` திறந்து `Applications` பட்டியலில் `Kind` என்னும் பத்தியைப் பார்த்தால், எவை `Intel` என்று நிற்கின்றன என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்பட்டியலில் ஆய்வுத்தரவைத் தாங்கிய செயலி ஒன்று இருந்தால், ஏற்றுமதி செய்யவேண்டிய நாள் மேம்படுத்தலுக்கு முந்தைய நாள், மறுநாள் அன்று.

ஆய்வேட்டுக்கு எழுத்துப்பிழை பார்க்கக் குழு அமைக்கும் பல்கலைக்கழகங்கள், அதன் தரவு எளிய உரையாக ஒரு படியேனும் வைக்கப்பட்டுள்ளதா என்று ஆண்டுக்கொருமுறை கேட்பதில்லை. கேட்டிருந்தால் அம்மாணவி அன்று காலை வேறொரு செயலியைத் திறந்து வேலையைத் தொடர்ந்திருப்பார்.