பன்னிரண்டு மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது!

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 46. சில மாதங்களாகவே சரியான தூக்கம் இல்லை. ‘இன்றைக்காவது சீக்கிரம் படுத்துவிடுவோம்’ என்று இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிறார். தூக்கம் வரவில்லை. பத்தரைக்குத் தலையணைக்கு அடியில் இருக்கும் மொபைலை எடுத்துப் பார்க்கிறார். ‘அஞ்சரைக்கு எழுந்திருக்கணும். இப்போ தூங்கினாக்கூட ஏழு மணி நேரம் கிடைக்கும்.’ பதினொன்றரைக்கு மறுபடியும் பார்க்கிறார். ‘இனி ஆறு மணி நேரம்தான்.’ எப்போதோ கண்ணயர்ந்து, இரண்டே முக்காலுக்கு விழித்துக்கொள்கிறார். ‘போச்சு! நாளைக்கு எப்படி வேலை பார்க்கப் போறேன்?’ நெஞ்சு படபடக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் கணவரின் குறட்டைகூட அந்த நேரத்தில் எரிச்சலாக இருக்கிறது.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. இரண்டுமே தூக்கத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் செய்பவை.

முதல் தவறு, சீக்கிரம் படுப்பது. தூக்கம் கிட்டத்தட்ட பசி மாதிரி. காலையில் எழுந்ததிலிருந்து மெல்ல மெல்ல ஏறும். நெடுநேரம் விழித்திருந்தால்தான் இரவில் அது அழுத்தமாக வரும். மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்வது, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பஜ்ஜி சாப்பிடுகிற மாதிரிதான். ஒன்பது மணிக்கே படுப்பதும், பசிக்காமல் இலை முன்னால் உட்கார்வதுதான். அப்படித் தினமும் மணிக்கணக்கில் விழித்தபடியே படுத்துக் கிடந்தால், படுக்கை என்றாலே கவலைப்படுகிற இடம் என்று மூளை பழகிவிடும். ஹாலில் டி.வி. முன்னால் தலை தொங்கியவர், எழுந்து வந்து படுத்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்வது இதனால்தான்.

இதற்கு அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேனும் அவரது சகாக்களும் 1987-ல் ஒரு வைத்தியத்தை எழுதினார்கள். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும்: தூக்கம் வராதவர் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்! நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சையில் இன்றும் இது முக்கியமான பகுதி.

நம் பெண்மணிக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். முதலில் ஒரு வாரம் நோட்டில் குறிப்பு எழுத வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தோம், ஏறக்குறைய எவ்வளவு நேரம் தூங்கியிருப்போம், எப்போது எழுந்தோம் என்று காலையில் காபி குடிக்கும்போது எழுதினால் போதும். உத்தேசக் கணக்கே போதும். துல்லியமாக எழுதுகிறேன் என்று ராத்திரியில் மணி பார்த்தால் காரியம் கெட்டுவிடும். வார முடிவில் அவர் கணக்கு இது: படுக்கையில் இருந்தது எட்டரை மணி நேரம், தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். அதாவது படுத்திருந்த நேரத்தில் 65 சதவிகிதம்தான் தூக்கம்.

இனி அவருக்குப் படுக்கையில் ஐந்தரை மணி நேரம்தான் அனுமதி. எழுந்திருக்கும் நேரத்தை மாற்றக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் அஞ்சரைதான். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், இரவு 12 மணிக்குத்தான் படுக்க வேண்டும். எவ்வளவு குறைவாகத் தூங்குகிறவராக இருந்தாலும், ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இந்த அளவைக் குறைப்பதில்லை.

இதில் கஷ்டமான நேரம் நடுராத்திரி அல்ல. இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். சோபாவில் சாய்ந்தால் தூங்கிவிடுவார், சேர்த்துவைத்த தூக்கப் பசி அங்கேயே தீர்ந்துபோகும். அதனால் துணி மடிப்பது, மறுநாளைக்குக் காய் நறுக்குவது என்று நின்றுகொண்டே செய்கிற வேலைகள் நல்லது. பன்னிரண்டு அடித்தும் தூக்கம் வரவில்லை என்றால், வரும் வரை படுக்கக் கூடாது. அசதி வேறு, தூக்கம் வேறு. உடம்பு வலிப்பது அசதி. கண் சொருகி, படித்த வரியையே திரும்பப் படிப்பதுதான் தூக்கம்.

முதல் வாரம் அவர் ஐந்து மணி நேரம் தூங்கினார். முன்பைவிடக் குறைவுதான், ஆனால் படுத்திருந்த நேரத்தில் 90 சதவிகிதத்துக்கும் மேல். 85-ஐத் தாண்டினால் படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவரலாம். அடுத்த வாரம் 11.45. அதுவும் சரியாக அமைய, அதற்கடுத்த வாரம் 11.30. அந்த வாரம் மகளின் பரீட்சைக் கவலையில் 80 சதவிகிதத்துக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. 80-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் நேரத்தை மாற்றக் கூடாது. 80-க்குக் கீழே போனால் கால் மணி நேரம் குறைக்க வேண்டும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு கெட்ட ராத்திரி வந்ததும் மறுநாள் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிறார்கள். கணக்கு வாரத்துக்குத்தான், ஒரு ராத்திரிக்கு அல்ல.

இரண்டாவது தவறு, மணி பார்ப்பது. நடுராத்திரியில் மணியைப் பார்த்ததும் மனம் கழித்தல் கணக்குப் போடும். விடை எதுவாக இருந்தாலும் பயம்தான். பயம் வந்தால் உடம்பு விழிப்புக்குத் தயாராகிவிடும். போதாததற்கு, தினமும் அதே நேரத்தைப் பார்ப்பவர், ‘எனக்கு இரண்டே முக்காலுக்கு முழிப்பு வந்துவிடும்’ என்று எதிர்பார்க்கவும் பழகிவிடுவார்.

அதனால் பெண்மணி அலாரம் வைத்த மொபைலை ஹால் ஷெல்ஃபில், சத்தம் கேட்கும் தூரத்தில் வைத்துவிட்டார். சுவர்க் கடிகாரம் முன்னறைக்குப் போனது. கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதையும் ராத்திரி கழற்றிவிட வேண்டும்; ‘நேற்று ஆழ்ந்த தூக்கம் குறைவு’ என்று காலையில் அது சொல்வதே சிலருக்குப் புதுக் கவலை ஆகிவிடுகிறது. கணவரிடம், “ஏங்க, ராத்திரி நான் மணி கேட்டாச் சொல்லாதீங்க” என்றும் சொல்லிவைத்தார். இரண்டு நாள் கேட்டார். அவரும், “அலாரம் அடிக்கலைன்னா இன்னும் விடியலைன்னு அர்த்தம்மா” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நடுவில் விழித்து, புரண்டு புரண்டு படுக்கிற நிலை வந்தால் எழுந்துவிட வேண்டும். இருபது நிமிடம் ஆனதா என்று மணி பார்க்கத் தேவையில்லை. எரிச்சல் தொடங்கியதே அடையாளம். மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பத்திரிகை புரட்டலாம். ஒற்றை அறை வீட்டில் பாயில் படுப்பவர்கள், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு சுவரோரம் உட்காரலாம். கண் சொருகினால் மறுபடி படுக்கலாம்.

இந்த வைத்தியம் எல்லோருக்கும் ஆகாது. முதல் இரண்டு வாரம் பகலில் தூக்கம் சொக்கும். பஸ், லாரி ஓட்டுபவர்கள், மெஷினில் வேலை செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. டூ வீலரில் போகிறவர்களும் அந்த நாட்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வலிப்பு நோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், அளவுகடந்த உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பதே நோயைக் கிளப்பிவிடலாம். பெரிய குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

ஐந்தரை மணி நேரம் என்றதுமே பதறுகிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. ஒரேயடியாகக் குறைக்காமல், வாரத்துக்குக் கால் மணியோ அரை மணியோ தாமதமாகப் படுத்துக்கொண்டே போகலாம். பலன் மெதுவாக வரும், பயம் குறைவு.

எட்டாவது வாரம் அந்தப் பெண் படுக்கிற நேரம் இரவு 10.45. அதில் ஆறு மணி நேரம் தூங்குகிறார். எட்டு மணி நேரம் ஆகவில்லை. பகலில் கண்ணும் சொருகவில்லை. நடுவில் ஒருமுறை விழிப்பு இப்போதும் வருகிறது. எத்தனை மணிக்கு என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.