ரசீதில் இருக்கும் தங்கம் யாருடையது?

மண்டியில் நூறு மூட்டை அரிசிக்கு முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, "குடோனிலேயே கிடக்கட்டும், வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வருவது நம்மில் பலருக்கும் பழக்கம். மண்டிக்காரர் அந்த நூறு மூட்டையைத் தனி அட்டியாகப் போட்டு நம் மார்க்காவைக் குத்தி வைத்தால், அது நம் சரக்கு. மொத்த அட்டியோடு அட்டியாகக் கிடந்தால், அது அவர் நமக்குத் தர வேண்டிய பாக்கி, அவ்வளவே. அவர் நொடித்துப் போகும் நாளில்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

கட்டித் தங்க வியாபாரிகளிடம் கணக்கு வைப்பதும் இதே கதைதான். ஒதுக்கிய கணக்கு என்றால் இன்ன எண்ணுள்ள கட்டி இன்னாருடையது என்று பெட்டகத்தில் பிரித்து வைத்திருப்பார்கள். ஒதுக்காத கணக்கில் நம் பெயருக்கு எதிரே இத்தனை கிராம் என்று பேரேட்டில் ஒரு வரி மட்டுமே இருக்கும். இரண்டுக்கும் தரும் ரசீது பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் வினை.

நியூசிலாந்தில் கோல்டுகார்ப் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு கம்பெனி இருந்தது. தங்கத்தை விற்று, காப்பையும் தானே பார்த்துக்கொண்டது. வாங்கியவர்களுக்கு அத்தாட்சிப் பத்திரம் கொடுத்தது. ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் சரக்காகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. ஆனால் அது ஒதுக்காத தங்கம். 1988 ஜூலையில் கம்பெனி முறிந்து, கடன் கொடுத்திருந்த வங்கி ரிசீவரை நியமித்தது. திறந்து பார்த்தால், விற்ற அளவுக்குச் சரக்கு இல்லை. கம்பெனியின் சொத்து முழுவதன் மீதும் வங்கிக்கு அடமான உரிமை இருந்தது. தங்க இருப்பையும் சேர்த்து மொத்தச் சொத்தைவிட வங்கிக் கடனே அதிகம்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. நியூசிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் வாடிக்கையாளர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. பிரிவி கவுன்சில் 1994இல் அதை மாற்றிவிட்டது. எந்தத் தங்கம் என்று பிரித்துக் காட்டாதவரை வாங்கியவருக்கு அதில் சொத்துரிமை கிடையாது, கட்டிய பணத்தின் மீதும் தனி உரிமை இல்லை, எல்லோரும் ஈடில்லாத கடன்காரர்களே என்பது தீர்ப்பு. பெரிய அளவில் தங்க நாணயம் வாங்கியிருந்த ஒருவர், தமக்காகத்தானே கம்பெனி நாணயம் தருவித்தது என்று வாதாடினார். தருவித்தது உண்மைதான்; அவருக்கென்று எடுத்து வைக்கவில்லையே! அவருக்கும் ஒன்றுமில்லை.

தப்பியவர்கள் ஒரு சாரார் மட்டுமே. 1986இல் கோல்டுகார்ப் விலைக்கு வாங்கிய இன்னொரு நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் தங்கத்தைத் தனியே பிரித்து வைத்திருந்தது. பின்னால் கோல்டுகார்ப் அதையும் கலந்துவிட்டது. ஆனாலும், இன்னும் மிஞ்சியிருப்பதாகக் கணக்குக் காட்ட முடிந்த அளவுக்கு அவர்களுடைய உரிமை நின்றது.

மறுதரப்பு முறிந்தால் வரும் இந்த ஆபத்து, தங்கத்தின் விலை ஏறுவது இறங்குவதோடு சம்பந்தமில்லாதது. ஒரு கற்பனைக் கணக்குப் பாருங்கள். ஒரு வியாபாரி 50 கிலோ விற்றிருக்கிறார். ஒதுக்கியது 5, ஒதுக்காதது 45. பெட்டகத்தில் இருப்பதோ 20 கிலோ. வங்கிக்கு 12 கிலோ மதிப்புக்கு ஈட்டுக்கடன். ஒதுக்கியவர்கள் தங்கள் 5 கிலோவை முழுசாகக் கொண்டுபோவார்கள். மீதி 15இல் வங்கிக்கு 12 போக, 45 கிலோவுக்கு உரியவர்கள் 3 கிலோவைப் பங்குபோட வேண்டும். 100 கிராம் வைத்திருந்தவருக்கு 7 கிராம்கூடத் தேறாது. ரிசீவர் செலவும் மற்றக் கடன்காரர்களும் வேறு இருக்கிறார்கள்.

வேறு நாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. நம்முடைய 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 18ஆம் பிரிவும், இன்ன சரக்கு என்று நிர்ணயமாகும்வரை அதன் உடைமை வாங்குபவருக்கு மாறாது என்றே சொல்கிறது.

ஒதுக்காத கணக்கு மோசடி என்று நான் சொல்லவில்லை. லண்டன் சந்தையில் பெரிய வங்கிகள் தமக்குள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதிக்கொள்கின்றன. காப்புக்கூலி இல்லை, கைமாற்றுவது சுலபம். இன்று வாங்கி அடுத்த வாரம் விற்பவருக்கு அது போதும். மகள் கல்யாணத்துக்கென்று பத்து வருஷம் வைப்பவருக்கு அது ஆகாது என்பதே என் கட்சி. காப்புக்கூலி மிச்சம் என்று நினைக்கிறோம். உண்மையில் வியாபாரிக்கு ஈடில்லாமல், வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறோம். நம் கடையில் யாருக்காவது அப்படிக் கொடுப்போமா?

கணக்குச் சீட்டைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். கட்டியின் எண், உருக்கிய ஆலையின் முத்திரை, எடை, மாற்று நான்கும் அதில் இருக்க வேண்டும். லண்டன் பெரிய கட்டி சுமார் 400 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 12½ கிலோ. ஒன்றைப்போல் ஒன்று எடை இருக்காது. சீட்டில் கட்டி எண் இல்லாமல் வெறும் "250 கிராம்" என்று மட்டும் கண்டால், ஒதுக்கியதா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டி எண் இருந்தாலும், அதே எண்ணை இரண்டு பேருக்கு எழுத மனசு வைத்தவனை எண் தடுக்காது. ஆகவே பெட்டகம் வியாபாரியுடையதா, வேறு நிறுவனத்துடையதா என்று விசாரித்து, கட்டி இருப்பதற்கான கடிதத்தைப் பெட்டகக்காரரிடமிருந்தே வாங்குங்கள். வியாபாரி தன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.